ஆறு ஆணிச் சேலை

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். வீரலட்சுமி விஷயத்தில் இரண்டும் எங்கெங்கே போய் விழுந்தன என்று கேட்டால், மட்டாஞ்சேரியில் பாதிப் பேர் தப்பாகத்தான் சொல்வார்கள்.

அவளுடைய அப்பா நகராட்சித் துப்புரவு வேலைக்காகத் தென்காசிப் பக்கமிருந்து கொச்சிக்கு வந்தவர். வீரலட்சுமி பிறந்ததும் வளர்ந்ததும் கொச்சங்காடியில். தமிழ் பேசுவாள், மலையாளம் எழுதுவாள், கோபம் வந்தால் இரண்டையும் கலந்து திட்டுவாள். ஜூ டவுனில் ஒரு கைத்தறிக் கடையில் பதினோரு வருடம் சேலை மடித்து, தாள் சுற்றிப் பார்சல் கட்டினாள். அவள் மடித்த சேலையில் கசவு என்னும் சரிகைக் கரை ஒரு நூல் விலகியிருக்காது. அந்தப் பெருமை அவளுக்கு நிறையவே உண்டு.

கடை முதலாளி வெங்கடேஸ்வரன் திருப்பூணித்துறையில் இருந்தார். மாதம் ஒருமுறை வந்து சாயா குடித்துவிட்டுப் போவார். ஆட்சி முழுவதும் மேனேஜர் ராசப்பனுடையது. அளவு மேஜையில் சேலையை விரித்து, விளிம்பில் அடித்திருக்கும் பித்தளை ஆணிகளின் இடைவெளியை எண்ணுவது அவன் மட்டும் செய்யும் வேலை. "ஆறு!" என்று ராகம் போட்டுச் சொல்வான். முதலாளியின் தாத்தா அடித்த ஆணிகள் அவை. கடைக்கு வந்து கையால் தொட்டு வாங்கியவர்கள் யாரும் அந்த ஆறைப் பற்றிக் கேள்வி கேட்டதில்லை.

2006 ஓணத்துக்குக் கடை இன்டர்நெட்டில் ஏறியது. ஒவ்வொரு படத்துக்கும் கீழே நாலு வரி எழுத வேண்டும். ராசப்பன் எழுதினான்: "நீளம் ஆறு மீட்டர். எல்லோருக்கும் பொருந்தும். கையால் துவைக்கவும்." எல்லாச் சேலைக்கும் அதே வரி. கழுதைக்கும் குதிரைக்கும் ஒரே லாடம்.

தை மாதத்துக்குள் பார்சல்கள் திரும்பி வரத் தொடங்கின. மஸ்கட்டிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஒரே புகார்: அளந்து பார்த்தால் அரை மீட்டர் குறைகிறது. ரவிக்கைக்கு வெட்டிக்கொள்ளலாம் என்று நம்பி வெட்டியவர்கள், கொசுவம் வைக்கத் துணி போதாமல் தவித்திருக்கிறார்கள். முதலாளி ராசப்பனைக் கேட்டார். ராசப்பன், திரும்பி வந்ததை விட்டுவிட்டு, அலமாரியிலிருந்த ஒரு புதுச் சேலையை மேஜையில் விரித்து எண்ணிக் காட்டினான். ஆறு. தன் அளவு தப்பாது என்றால், அளவுக்குப் பிறகு சேலையைத் தொட்டது யார்?

"பாண்டிக்காரி வெட்டி எடுத்திருப்பா சாரே. பார்சல் கட்டுறது அவளல்லே?" என்றான். தமிழர்களை அங்கே பாண்டி என்பார்கள்.

வாசலில் பழம்பொருள் கடைக்காரர்கள், ஆட்டோக்காரர்கள், இரண்டு வெள்ளைக்காரர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க அவள் பையைக் கொட்டிச் சோதித்தார்கள். சோற்றுப் பாத்திரமும் ஒரு சீப்பும் விழுந்தன. தறியிலிருந்து அறுத்த முனையும் கத்தரிக்கோல் பட்ட முனையும் பார்க்க ஒன்றுதான். நான் வெட்டவில்லை என்று எதைக் காட்டி நிரூபிப்பாள்? அன்றோடு வேலை போனது.

"சேட்டா, இந்த வாசல்லயே உன் தலையைக் குனிய வைக்கலேன்னா நான் என் அப்பனுக்குப் பிறக்கலே" என்று ராசப்பனைப் பார்த்துச் சொல்லிவிட்டு, சீப்பைப் பொறுக்கிக்கொண்டு நடந்தாள்.

பள்ளுருத்தியில் கமலாக்ஷி என்ற டீச்சர், ஓய்வு பெற்றபின் வீட்டு முன்னறையில் கம்ப்யூட்டர் வைத்துச் சேலை விற்றுக்கொண்டிருந்தாள். ஊர்ப்பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதவள். வீரலட்சுமி அங்கே சேர்ந்தாள். சித்திரையில் கேரளத்து நெசவூரான சேந்தமங்கலத்திலிருந்து சேலைகள் வந்தன. ராசப்பன் வாங்கும் அதே நெசவுக்காரர், அதே கரை. டேப்பை வைத்து அளந்தாள். ஐந்து மீட்டர் நாற்பத்தொன்பது. இழுக்காமல், தரையில் தட்டையாகப் போட்டு மறுபடி அளந்தாள். அதே கணக்கு.

"டீச்சரே, இதே சேலையை அங்கே ஆறுன்னு எண்ணுவான்."

"ஆணி அடிச்ச பழைய மேஜையா? எடீ, அது மீட்டர் அல்ல, கஜமாணு. ஆறு கஜம்னா ஐந்தரை மீட்டர்தானே!" கமலாக்ஷி சிரித்தாள். வீரலட்சுமி சிரிக்கவில்லை. அவளுக்கு உடம்பெல்லாம் தீப்பிடித்தது.

அன்றே போய் டேப்பை விரித்திருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் சித்திரையில் கடை காலி, முதலாளி வரமாட்டார், ராசப்பன் ஏதாவது சொல்லி மழுப்பிவிடுவான். ஓணம் வரட்டும், அவன் இன்னும் நூறு படத்துக்குக் கீழே ஆறு மீட்டர் என்று எழுதட்டும், அத்தனையும் திரும்பி வந்து அவன் தலையில் விழட்டும். பொறுத்தார் பூமி ஆள்வார் என்கிறார்கள். அவளுக்குப் பூமி வேண்டாம், ராசப்பன் ஒருத்தன் போதும்.

அதுவரை கையைக் கட்டிக்கொண்டிருக்கவில்லை. ஒவ்வொரு சேலையையும் தானே அளந்து, வஞ்சம் தீர்ப்பவள் போல எழுதினாள்:

"நீளம் ஐந்தரை மீட்டர். ரவிக்கைத் துணி இல்லை. வேண்டுமென்றால் ஆறே கால் மீட்டர்ச் சேலையைப் பார்க்கவும். அகலம் நாற்பத்தாறு அங்குலம். ஐந்தரை அடிக்கு மேல் உயரமுள்ளவர்கள் நாற்பத்தெட்டு அங்குலம் எடுக்கவும். கைத்தறி என்பதால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் கூடக் குறைய இருக்கும், முதல் சலவையில் கொஞ்சம் சுருங்கும். பச்சைத் தண்ணீரில் தனியாக அலசவும். ஊறப்போட வேண்டாம், முறுக்கிப் பிழிய வேண்டாம். நிழலில் காயவைத்து, கசவின் மேல் மெல்லிய துணி போட்டு இஸ்திரி போடவும்."

கமலாக்ஷி அதை ஆங்கிலத்தில் ஏற்றினாள். ஐம்பது பார்சல் போனால் ஒன்று திரும்பினாலே அதிசயம். மஸ்கட்காரிகள் ஒருத்திக்கொருத்தி சொல்லி இந்தப் பக்கம் வந்தார்கள். ராசப்பனின் வாடிக்கை ஒவ்வொன்றாகக் கழன்று விழ, அவளுக்குச் சோறு ருசித்தது.

ஆடியில் ஒரு செய்தி வந்தது. அவளுக்குப் பதிலாகப் பார்சல் கட்ட வந்த மூக்கம்மாளையும், துணி வெட்டினாள் என்று விரட்டிவிட்டார்களாம். மூக்கம்மாள் கொச்சங்காடிக்காரிதான், மூன்று வீடு தள்ளி இருப்பவள், புருஷன் இல்லாதவள். வீரலட்சுமிக்கு நெஞ்சில் சுருக்கென்றது. ஓணத்துக்கு ஒரு மாதம்தான், அதற்குள் ஒன்றும் முழுகிவிடாது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. அவன் கணக்கில் இன்னொரு பாவம் ஏறியதே!

ஓணத்தின் முதல் நாளான அத்தத்துக்கு மறுநாள் வெங்கடேஸ்வரன் கடையில் வந்து உட்கார்ந்தார். திரும்பிய பார்சல்கள் மச்சு வரை அடுக்கியிருந்தன. உச்சிவேளையில், தெரு நிறைந்திருந்தபோது, வீரலட்சுமி படியேறினாள். யாரையும் கேட்கவில்லை. இரும்பு டேப்பை மேஜை விளிம்பில் விரித்தாள்.

"சாரே, முதல் ஆணியிலேருந்து ஏழாவது ஆணி வரைக்கும் ஆறு இடைவெளி. படிச்சுப் பாருங்க."

முதலாளி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். நம்ப முடியாமல் இரண்டாம் முறையும் படித்தார்.

"சேட்டா, நீயும் படி. உரக்கப் படி. அன்னிக்கு உரக்கத்தானே சொன்ன?"

ராசப்பன் படித்தான். ஐந்து மீட்டர் நாற்பத்தெட்டரை. ஆட்டோக்காரர்கள் காதில் விழும் வரை மூன்று முறை படிக்க வைத்தாள். அவன் தலை குனிந்தது. கண்ணில் நீர் வந்தது. "எனக்கு அறியில்ல சேச்சி, சத்தியமாயிட்டு அறியில்ல" என்றான். அவளுக்கு ஒரு சொட்டு இரக்கம் வரவில்லை. அந்த நிமிஷத்துக்காகத்தான் ஏழு மாதம் உயிரோடு இருந்ததுபோல் இருந்தது.

அன்று சாயங்காலம் மூக்கம்மாள் வீட்டுக்கு, நல்ல செய்தியைத் தன் வாயால் சொல்லப் போனாள். முதலாளி வேலைக்குக் கூப்பிடுகிறார், நம் பேரில் அழுக்கில்லை என்று ஊருக்கே தெரிந்துவிட்டது என்று மூச்சு விடாமல் சொன்னாள். மூக்கம்மாள் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள். திருட்டுப் பேச்சைக் கேட்டு மகளுக்குப் பேசிய சம்பந்தத்தைப் பள்ளுருத்திக்காரர்கள் ஆடி முடியும் முன்னே கைவிட்டிருந்தார்கள். அது வீரலட்சுமிக்கு அதுவரை தெரியாது.

"இந்தக் கஜக் கணக்கு உனக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டாள் மூக்கம்மாள்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. "சித்திரையில."

மூக்கம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். "அவன் தெரியாமச் சொன்னான். நீ தெரிஞ்சுக்கிட்டுச் சும்மா இருந்த."

அவள் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.