தராசின் கணக்கு

அந்தப் பெண்ணுக்கு விடுதியில் எல்லோரும் வைத்த பேர் தராசு. உள்ளங்கை அகலத்தில் ஒரு சமையல் தராசை மெஸ்ஸுக்குக் கொண்டுவருவாள். தூண் ஓரத்து மேசையில் தனியாக உட்கார்ந்து, தட்டில் விழுந்த சோற்றை முதலில் நிறுப்பாள், நோட்டில் எழுதுவாள், அப்புறம்தான் வாயில் வைப்பாள். நான் அந்த மெஸ்ஸின் தலைமைச் சமையல்காரன். இருநூறு பிள்ளைகளுக்குப் பதினாறு வருஷமாகப் பொங்கிப் போடுகிறேன். என் கரண்டியை ஒருத்தி எடை போட்டால் எனக்கு எப்படி இருக்கும்? பற்றிக்கொண்டு வந்தது.

"ஏம்மா, அளவு கொறையுதுன்னு வார்டன்கிட்ட எழுதிக் குடுக்கப் போறியா?"

"இல்ல மாஸ்டர். ரெண்டு கரண்டி, சரியா எரநூத்தம்பது கிராம். நீங்க கரெக்டாத்தான் போடுறீங்க."

"கரெக்டாம்! சர்டிபிகேட் குடுக்க வந்துட்டா."

பின்னால் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு தூணுக்குப் போய்விட்டாள்.

விஷயம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. லீவில் அவளுக்குக் கடும் காய்ச்சல். உடம்பு உருகித் திரும்பி வந்தாள். விடுதி மருத்துவ அறை டாக்டரம்மா எடை பார்த்தார். நாற்பத்தொன்றே கால் கிலோ. ஒரு நாளைக்கு இரண்டாயிரத்து இருநூறு கலோரியாவது உள்ளே போக வேண்டும், சாப்பிடுவதையெல்லாம் எழுதிவை, எட்டு வாரத்தில் நாற்பத்திரண்டு வராவிட்டால் ஒரு வருஷம் லீவு போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டார். வீடு என்றால் அண்ணன் வீடு. இவளைப் படிக்க அனுப்பியதே தண்டம் என்று அண்ணி வாசலிலேயே நின்று சொல்கிறவள். ஒரு தடவை அங்கே போய் உட்கார்ந்தால் மறுபடி கிளம்ப முடியாது.

மூன்று வாரம் எழுதினாள். நோட்டில் தினமும் இரண்டாயிரத்து இருநூறு. எடையோ நாற்பத்தொன்று, நாற்பதரை, நாற்பது என்று கீழே போய்க்கொண்டிருந்தது.

டாக்டரம்மா ஒருநாள் மெஸ்ஸுக்கே வந்து என்னைக் கேட்டார். "அந்தப் பொண்ணு ஒழுங்கா சாப்பிடுறாளா, கொட்டுறாளா?"

எனக்குக் கரண்டிக் கோபம் இன்னும் ஆறவில்லை. "யாரு கண்டா? சாப்பிடுறதவிட நிறுக்குறதுதான் அதிகம்" என்று சொல்லிவிட்டேன். நாக்குக்கு எலும்பு இருந்தால் இந்தத் தொல்லை இருக்காது.

மறுநாள் மதியம், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த நேரத்தில், அவள் அடுப்படி வாசலில் வந்து நின்றாள். கண்ணெல்லாம் சிவப்பு.

"நான் பொய் எழுதுறேன்னு டாக்டர் சொல்றாங்க மாஸ்டர். இன்னொரு வாரம் கொறஞ்சா அண்ணனுக்கு லெட்டர் போடுவாங்களாம். நான் ஒரு பருக்கைகூட கொட்டுறதில்ல."

"அதுக்கு நான் என்ன பண்ண?"

"ஒண்ணும் பண்ண வேணாம். பருப்புல எவ்வளவு பருப்பு போடுறீங்க, எண்ணெய் எவ்வளவு ஊத்துறீங்கன்னு சொன்னா போதும். அத மட்டும் நான் குத்துமதிப்பா எழுதியிருக்கேன். தப்பு அங்கதான் இருக்கணும்."

அவ்வளவுதானே என்று சொன்னேன். பருப்பு ஆறு கிலோ, இருநூறு பேர். ஆளுக்கு முப்பது கிராம். முட்டைக்கோசுக்கு எண்ணெய் ஒரு லிட்டர். ஆளுக்கு ஐந்து மில்லி. அவள் கடகடவென்று போட்டாள். பருப்புக்கு நூறு கலோரி, எண்ணெய்க்கு நாற்பது. ஏற்கனவே எழுதியிருந்ததும் கிட்டத்தட்ட அதுதான். பேனாவை வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்போ எங்கதான் போகுது?"

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு நோட்டை வாங்கிப் பார்த்தேன். எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி, ஆனால் எண் பிடிபடும். "சோறு 250 — 875" என்று இருந்தது.

"இது எங்க புடிச்ச கணக்கு?"

"உங்க அரிசி மூட்டையிலேயே போட்டிருக்கே மாஸ்டர். நூறு கிராமுக்கு முன்னூத்தம்பது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது மூட்டைக்குள்ள இருக்கிற அரிசிக்கும்மா! காலையில பதினெட்டு கிலோ அரிசி போட்டேன், அம்பது கிலோ சோறா எறக்குனேன். மிச்ச முப்பத்திரண்டு கிலோ வானத்துல இருந்தா வந்துச்சு? குழாயில இருந்து வந்துச்சு. நீ தண்ணிக்கும் சேத்து எழுதியிருக்க."

கிண்டலாகத்தான் சொன்னேன். அவள் நோட்டைப் பிடுங்கினாள். பதினெட்டை இருநூறால் வகுத்தாள். தொண்ணூறு கிராம் அரிசி. அதற்கு முன்னூற்றுப் பதினைந்து. இரவில் வாங்கும் இருநூறு கிராம் சோற்றையும் அப்படியே திருத்தினாள். காலை ரொட்டி, டீ எல்லாம் சேர்த்துக் கூட்டினால் ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு தேறியது. ஆயிரம் கலோரியைத் தாளில் மட்டும் தின்றிருக்கிறாள். பாத்திரம் கழுவும் சத்தத்தில் அவள் அழுதது யாருக்கும் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது.

இரண்டு மடங்கு சோறு தின்று அதைச் சரிக்கட்ட முடியாது. வயிறு இடம் கொடுக்காது. கொஞ்சத்தில் நிறைய இருக்கிற பொருள் வேண்டும். அதை அவளே கண்டுபிடித்தாள். கடையில் அரை லிட்டர் எண்ணெய் வாங்கினாள். வேளைக்கு ஒரு பெரிய கரண்டி, பதினைந்து மில்லி, ரொட்டியிலும் சோற்றிலும் விட்டுக்கொண்டாள். கரண்டிக்கு நூற்று இருபது. வறுத்த வேர்க்கடலை முக்கால் பிடி, தினம் நாலு தடவை. சோறு அரைக்கரண்டி கூட.

"தராசு வண்டிக்கு எண்ணெய் போட ஆரம்பிச்சிருச்சுடி" என்று ஒருத்தி கத்தினாள். மேசையெல்லாம் சிரித்தது. இவள் மட்டும் தூண் பக்கம் திரும்பி மென்றுகொண்டிருந்தாள். காய்ச்சலுக்கு முன்னால் கூடச் சாப்பிட்ட இரண்டு பேர் இப்போது வேறு மேசை. இவள் நிறுத்து எழுதி முடிப்பதற்குள் அவர்கள் கை கழுவிவிடுவார்கள். எத்தனை நாள் காத்திருப்பார்கள்?

நான் மேல்துண்டோடு டாக்டரம்மா அறை வாசலுக்குப் போனேன். "அன்னைக்கு நான் சொன்னது தப்பும்மா. தட்டு கழுவுற எடத்துல பாத்தேன், அந்தப் பொண்ணு தட்டு தொடச்ச மாதிரி வருது. கணக்குலதான் பிசகு" என்று சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல் வந்துவிட்டேன்.

எண்ணெய் ஆரம்பித்த மூன்றாவது வாரத்தில் தராசின் பேட்டரி தீர்ந்தது. அவள் மாற்றவில்லை. தட்டைப் பார்த்ததும் எண் சொன்னாள். "இன்னிக்கு கரண்டி லூசா விழுந்திருக்கு மாஸ்டர், எரநூத்தி இருபதுதான்." வீம்புக்கு என் அடுப்படித் தராசில் வைத்துப் பார்த்தேன். இருநூற்றுப் பதினைந்து.

எட்டாவது வாரம் எடை பார்க்கும் நாள். மதியம் மெஸ் காலியான பிறகுதான் வந்தாள். நான் கழுவும் தொட்டி ஓரத்தில் ஸ்டூல் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இருநூறு பேர் தின்ற பிறகு தனியாகத் தின்பது என் வழக்கம்.

"என்னாச்சு?"

"நாப்பத்தொன்னு எண்ணூறு."

இருநூறு கிராம் குறை.

"அண்ணனுக்கு லெட்டர் போடலாமான்னு யோசிச்சாங்க. அப்புறம் நோட்டக் கேட்டாங்க. கணக்கத் திருத்துன அஞ்சு வாரத்தையும் பொரட்டிப் பாத்தாங்க. 'இப்பதான் நோட்டும் எடையும் ஒரே கதை சொல்லுது. லீவு வேணாம், போய்ப் படி'ன்னாங்க."

"அதச் சொல்ல இவ்வளவு நேரமா? போ, போய்த் தட்டெடு."

சோறு வாங்கிக்கொண்டு தூணுக்குப் போகவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுத் தொட்டியின் அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். எண்ணெய் விட்டுக்கொண்டாள். என் தட்டையே பார்த்தாள்.

"உங்களுது எண்ணூத்தம்பது கலோரி இருக்கும் மாஸ்டர்."

"கண்ணு வைக்காத, பேசாம சாப்பிடு."

இரண்டு பேரும் சாப்பிட்டோம். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. மறுநாள் எட்டிப் பார்த்தேன். தூண் ஓரத்தில்தான் இருந்தாள், நோட்டில்லாமல். எதிரே நாற்காலி காலி.