முந்நூறு பவுணும் ஐயாவின் நெல்லும்

முத்திரை மையின் வாசம் எங்காவது அடித்தால், 1967 கடைசியில் கிளிநொச்சி வங்கியில் என்னைப் பெற்ற ஐயாவும் நானும் வேர்த்து வழிந்தபடி நின்ற அந்தக் காலைதான் எனக்குள் எழும். லண்டனில் படிக்க விசா வேண்டுமென்றால் முந்நூறு இங்கிலாந்துப் பவுண் பெறுமதியான சேமிப்புக் காட்ட வேண்டும். பவுண் பதின்மூன்றரை ரூபாய் என்று கணக்குப் பார்த்து, ஐயா சரியாக நாலாயிரத்து ஐம்பது ரூபாய் போட்டிருந்தார். அதற்கு மேல் ஒரு சதமும் இல்லை. மிச்சமெல்லாம் வீட்டில் நெல்லாகக் கிடந்தது. வங்கியை விட எலியை நம்புகிற மனிதர் அவர்.

கணக்கில் உள்ள மீதியைக் காட்டும் கடிதத்தை நாங்கள் கேட்டபோது கிளாக்கர் தலையைச் சொறிந்தார்.

"அண்ணை, பவுணின்ர மதிப்பைக் குறைச்சிட்டாங்கள். எங்கட ரூபாயை அதைவிடக் கூடக் குறைச்சிட்டாங்கள். இப்ப நாங்கள் பவுண் விக்கிற விலை பதினாலு நாப்பது. உங்கட காசு இருநூற்றெண்பத்தொரு பவுண்தான்."

"மகாராணி வழுக்கி விழுந்தா, நாங்கள் ஏன் கிணத்துக்கை விழவேணும்?" என்றார் ஐயா.

"அதைக் கொழும்பிலை கேளுங்கோ. நாலாயிரத்து முந்நூற்றிருபது வேணும். ஆனா மட்டுமட்டாப் போடாதேங்கோ. கடிதம் போய்ச் சேர முந்தி விலை ஏறினாலும் தாங்கவேணும்."

வீட்டுச் சோற்றுக்கு வைத்த நெல்லை ஐயா முணுமுணுத்தபடி விற்று, நாலாயிரத்து ஐந்நூறாக்கினார். கடிதத்தில் ரூபாய் மீதியும் அன்றைய விலையும் திகதியும் ஏறின. விசா வந்தது.

ரயிலடியில் அவர் அழுவார் என்று பயந்தேன். அவரோ ஜன்னலுக்குள் தலையை விட்டார்.

"போய்ச் சேர்ந்த உடனை கடிதம் போடு. பவுண் என்ன விலையெண்டும் எழுது."