முப்பது எழுத்துக்குள் ஒரு சலுகை

அலுவலகத்தில் அவளை எல்லாரும் கத்தரி என்றுதான் கூப்பிடுவார்கள். எவ்வளவு நீளமான வாக்கியத்தைக் கொடுத்தாலும் நறுக்கி, போன் திரையின் ஒரு வரிக்குள் அடக்கிவிடுவாள். உணவு டெலிவரி ஆப் ஒன்றில் அறிவிப்பு எழுதுவது அவள் வேலை. போன் ‘டிங்’ என்று சத்தம் போட்டதும் பூட்டிய திரையில் வந்து விழுமே, அந்த இரண்டு வரிதான். தலைப்பு ஒன்று, அதன் கீழே விவரம் ஒன்று.

தலைப்புக்கு முப்பது எழுத்துக்கு மேல் கூடாது என்பது கம்பெனி விதி. சின்ன போனிலும் வெட்டுப்படாமல் தெரிய வேண்டும். முப்பது என்றால் நாம் பள்ளியில் எண்ணுகிற முப்பது அல்ல. புள்ளி வைத்தால் அது ஒன்று, கொம்பு போட்டால் அது இன்னொன்று என்று தனித்தனியாக எண்ணுகிற கணக்கு அந்த மென்பொருளுடையது. ‘கட்டணம்’ என்று எழுதினால் ஏழு போய்விடும். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் கால் நீட்டிப் படுக்கிற இடத்தில் இவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது. அதில் அவளுக்குப் பெருமையும் உண்டு.

அந்த வருடப் பண்டிகைக்கு மேலிடம் கொடுத்த சலுகை இது: பண்டிகையன்று சொன்ன நேரத்துக்குச் சாப்பாடு வரவில்லை என்றால் டெலிவரி கட்டணம் கிடையாது. சாப்பாட்டுக்கு உண்டான காசை வழக்கம்போல் கொடுத்துவிட வேண்டும்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த பெண் ஒருத்தி அவள் பக்கத்து நாற்காலியில் இருந்தாள். அவளுக்கு இன்னும் பட்டப்பெயர் அமையாததால் எல்லாரும் புதுசு என்றே கூப்பிட்டார்கள். புதுசுதான் முதலில் ஒரு தலைப்பை எழுதிக் காட்டினாள்.

“லேட்டானா டெலிவரி கட்டணம் இல்லை”

மென்பொருள் சரியாக முப்பது காட்டியது. ஆச்சரியக்குறி போடக்கூட இடமில்லை.

“கரெக்டாதான் இருக்கு. ஆனா கரண்ட் பில் மாதிரி இருக்கே” என்றாள் கத்தரி. புதுசு சிரித்தாள், முகம் கொஞ்சம் சுருங்கினாலும். கத்தரி விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துத் தட்டினாள்.

“லேட்டா வந்தா காசே வேணாம்!”

ஆச்சரியக்குறியோடு சேர்த்தே இருபத்தைந்து. வாயில் போட்டுச் சொல்லிப் பார்த்தால் தாளம் நின்றது. புதுசு மெதுவாகக் கேட்டாள்: “அக்கா, இது சாப்பாட்டுக்கே காசு வேணாம்ங்கிற மாதிரி இல்ல?”

“விவரத்துல போட்டுடலாம். கடைசில ‘டெலிவரி கட்டணம் மட்டும்’னு.”

“கடைசில போட்டா அது வெட்டுப்பட்டுடுமே?”

“விரிச்சுப் பாத்தா முழுசாத் தெரியும். ஆப்புக்குள்ள போனா விதிமுறையே இருக்கு. படிக்காதது அவங்க தப்பு.”

இதைச் சொல்லும்போதே அவளுக்குத் தெரியும், யாரும் விரித்துப் பார்ப்பதில்லை என்று. பண்டிகையன்று ஒரு போனில் எத்தனை கம்பெனியின் கூவல் வந்து குவியும்! அந்தக் குவியலில் தலைப்பு மட்டும்தான் கண்ணில் படும். தெரிந்துதான் எழுதினாள். சட்டப் பிரிவு இரண்டு வரியையும் சேர்த்துப் படித்துவிட்டு, நிபந்தனை உள்ளே இருக்கிறது என்று சரி சொல்லிவிட்டது.

பண்டிகையன்று காலையில் இரண்டு தலைப்பையும் வாடிக்கையாளர்களில் ஒரு சிறு பகுதிக்கு மட்டும் பாதிப் பாதியாக அனுப்பிச் சோதித்தார்கள். எதை அதிகம் பேர் தொட்டுத் திறக்கிறார்களோ அது மீதி எல்லாருக்கும் தானாகவே போகும். கத்தரி வீட்டு அடுப்படியில் மடிக்கணினியை மசாலா டப்பாக்களுக்கு நடுவே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் ஓடிய வரைபடத்தில் புதுசின் வரி தரையோடு தவழ்ந்தது. இவள் வரி எகிறிக்கொண்டு போனது. சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே ஊர் முழுக்க ‘டிங்’.

அதில் ஒன்று கூடத்தில் அவள் மாமியாரின் போனிலும் கேட்டது.

“இங்க பாருங்க, என் மருமக எழுதினது!” என்று மாமியார் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு, வந்திருந்த எல்லாருக்கும் வாசித்துக் காட்டினாள். “லேட்டா வந்தா காசே வேணாம்! எப்படி நறுக்குன்னு எழுதியிருக்கா பாத்தீங்களா?”

நாத்தனாரும் அவள் வீட்டுக்காரரும் விருந்துக்கு வந்திருந்தார்கள். நாத்தனாரின் வீட்டுக்காரர் கலகலப்பானவர். ஓட்டலில் மிச்சமான சாப்பாட்டைக் கட்டித் தரச் சொல்லும்போது கூச்சப்படாத மனிதர். உடனே போனை எடுத்து, “நம்ம வீட்டு ஆப்பு, நாமளே ஆர்டர் பண்ணலன்னா எப்படி?” என்று பிரியாணியும் கோழி வறுவலும் சொன்னார். காசு வாசலில் தருவதாகப் போட்டார். கத்தரிக்கு உள்ளூர மகிழ்ச்சிதான். அடுப்படியில் அவளுக்கு ஒரு வேலை குறைந்தது.

சாப்பாடு வரவில்லை. சொன்ன நேரம் கடந்து, குழந்தைகள் பசி என்று நச்சரித்து, மாமியார் மோர்க்குழம்பை மறுபடி சூடாக்கச் சொன்ன பிறகுதான் அழைப்புமணி அடித்தது. கதவைத் திறந்தவர் நாத்தனாரின் வீட்டுக்காரர். கத்தரி அடுப்படியிலிருந்தே குரல்களைக் கேட்டாள்.

“சார், பில்லு.”

“என்னப்பா பில்லு? எவ்ளோ லேட்டு, மணி பாத்தியா? லேட்டா வந்தா காசே வேணாம்னு உங்க கம்பெனியே போட்டிருக்கு. இந்தா பாரு.”

“சார், அது டெலிவரி சார்ஜுக்கு மட்டும் சார். சாப்பாட்டுக்குக் குடுத்துடணும். கடையில ஒரே கூட்டம், அவங்க கட்டித் தரவே நேரமாயிடுச்சு.”

“டெலிவரி சார்ஜுன்னு எங்க இருக்கு? எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதா? காசே வேணாம்னு இருக்கு. ஏகாரம் வேற போட்டு அடிச்சுச் சொல்லியிருக்கான்!”

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. கத்தரியின் கை கரண்டியோடு நின்றுவிட்டது. அந்த ஏகாரம் அவள் போட்டது. ஒரு எழுத்துகூடக் கூடுதல் செலவில்லை, வரி பளிச்சென்று ஆகும் என்று போட்டது. இப்போது போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் கால் நகரவில்லை. இத்தனை பேர் முன்னால் என் வரி பொய் என்று எப்படிச் சொல்வது? அவரே பேசிச் சமாளித்துக் கொடுத்துவிடுவார் என்று அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“சார், நீங்க தரலன்னா அது என் கணக்குல நிக்கும் சார். என் கையிலேர்ந்து கட்டணும்.”

“அதை உன் கம்பெனிகிட்ட கேளு.”

“எதுக்கு இவ்ளோ பேச்சு?” என்றது மாமியாரின் குரல், பெருமை வழிய. “எழுதினவளே இங்கதான் இருக்கா. ஏம்மா, வெளிய வந்து இந்தத் தம்பிக்குச் சொல்லு!”

வந்தாள். வாசலில் நின்றவருக்குத் தம்பி என்று சொல்கிற வயதில்லை. காதோரம் நரை. ஹெல்மெட்டைக் கழற்றி முழங்கையில் மாட்டியிருந்தார். சட்டை வேர்வையில் உடம்போடு ஒட்டியிருந்தது. பார்சலை இன்னும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார், கொடுத்துவிட்டால் பேச்சு முடிந்துவிடும் என்று பயந்தவர்போல்.

“அண்ணே, குடுத்துடுங்க. டெலிவரி கட்டணத்துக்குத்தான் அந்தச் சலுகை” என்றாள் நாத்தனாரின் வீட்டுக்காரரிடம். குரல் எங்கோ கிணற்றிலிருந்து வந்ததுபோல் இருந்தது.

“அப்போ ஏன்மா அப்படி எழுதியிருக்கீங்க?”

“இடம் இல்லண்ணே.”

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். இடம் இருந்தது. புதுசின் வரி இம்மி பிசகாமல் அந்த இடத்துக்குள் உட்கார்ந்திருந்தது.

அவர் முணுமுணுத்தபடி பர்ஸை எடுத்தார். டெலிவரிக்காரர் காசை வாங்கிக்கொண்டு அவளை ஏறிட்டுப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பாள். அவர் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

“நீங்கதான் எழுதினீங்களாம்மா?”

அவள் தலையை ஆட்டினாள்.

“இன்னைக்குப் போன எல்லா வாசல்லயும் இதே பேச்சுதாம்மா. ஒரு வீட்டுல கதவையே சாத்திட்டாங்க. திருட்டுப் பயலேன்னு சொன்னாங்க. நான் என்னத்தைத் திருடினேன்னு எனக்கே புரியல.” ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். “சாப்பிடுங்க, ஆறிடப் போகுது.”

மன்னிப்புக் கேட்கலாம் என்று அவள் வாயெடுப்பதற்குள் படியிறங்கிப் போய்விட்டார். கேட்க நினைத்தாளா என்பதே அவளுக்குப் பிறகு சந்தேகமாக இருந்தது.

பிரியாணியை எல்லாரும் சாப்பிட்டார்கள். அவள் பரிமாறுவதோடு நிறுத்திக்கொண்டாள். மாலையில் அதே தலைப்பு இன்னொரு முறை போவதாக ஏற்பாடு. போனது போனதுதான், அடுத்தவர் திரையில் விழுந்ததைப் பொறுக்கி எடுக்க முடியாது. இனிப் போவதையாவது தடுக்கலாம். மாடிப்படியில் போய் நின்றுகொண்டு குழுத் தலைவிக்குப் போன் செய்தாள்.

“மேடம், அந்தத் தலைப்புல சின்னக் குழப்பம் வருது. சாயங்காலத்துக்கு மாத்திடலாமா?”

அப்போதும் ‘என் தப்பு’ என்று வரவில்லை. குழப்பம் என்றுதான் வந்தது.

“குழப்பமா? இந்த வருஷத்துலயே அதிகமாத் திறந்து பாத்தது இதுதான்! சட்டப் பிரிவே ஓகே சொல்லியாச்சு. போய்ப் பண்டிகையைக் கொண்டாடும்மா.”

கடைசியில் தலைப்பு மாறியது, ஆனால் அவளால் அல்ல. புகார்ப் பிரிவில் சண்டைகள் குவிந்து, அங்கிருந்தவர்கள் கத்திய கத்தலில் தலைவியே திரும்ப அழைத்து, “அந்தப் பொண்ணு எழுதினதையே போட்டு விடு” என்றாள். கத்தரி படியிலேயே மடிக்கணினியை வைத்துக்கொண்டு புதுசின் வரியை ஏற்றினாள். அதைக் கொஞ்சம் பேர்தான் திறந்தார்கள். வாசல்களில் யாரும் சண்டை போட்டதாக அதன்பின் செய்தி வரவில்லை.

பண்டிகை விடுமுறை முடிந்து நடந்த கூட்டத்தில் அவள் பெயரைச் சொல்லிக் கைதட்டினார்கள். எகிறிய அந்த வரைபடக் கோட்டைப் பெரிய திரையில் காட்டினார்கள். டெலிவரிக்காரர்கள் இழந்த காசைப் பற்றி அவள் எழுந்து கேட்டபோது, புகார் கொடுத்தவர்களுக்குத் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள். புகார் கொடுக்கத் தெரியாதவர்கள், நேரமில்லாதவர்கள் அந்தக் கணக்கில் வரவில்லை.

“அந்த வரி தப்புன்னு எனக்கு எழுதும்போதே தெரியும் மேடம்” என்றாள் கத்தரி. காது மடல் வரை சூடேறியது அவளுக்கு.

“அதான் சரி பண்ணியாச்சே. விடும்மா” என்று தலைவி அடுத்த விஷயத்துக்குப் போனாள். அவ்வளவுதான். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாகியிருக்கும்.

நாற்காலிக்குத் திரும்பியதும் புதுசிடம், “அன்னைக்கு நீ சொன்னதை நான் கேட்டிருக்கணும்” என்று ஆரம்பித்தாள். புதுசு அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகவே தெரியவில்லை. உற்சாகமாகத் திரையைத் திருப்பினாள்.

“அக்கா, அடுத்த சலுகைக்கு ஒண்ணு எழுதியிருக்கேன், பாருங்க. உங்க ஸ்டைல்லயே. நிபந்தனையை விவரத்தோட கடைசில தள்ளிட்டேன். எல்லாரும் திறப்பாங்கல்ல?”

பாராட்டுக்காகக் காத்திருந்த முகம். கத்தரி அந்த வரியைப் படித்தாள். நன்றாக இருந்தது. நாக்கில் துள்ளியது. அதுதான் அவளைச் சுருட்டிப் போட்டது.

“திறப்பாங்க” என்றாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் அருகில் உட்கார்ந்து, என்ன சொல்வது என்று தெரியாமல், வாசலில் நின்ற அந்த மனிதரின் நனைந்த சட்டையிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.