வெறும் முப்பத்தெட்டு

நெரெய்தா போர்த்தீயோவின் கைப்பேசி எண் ஒகொத்தலார் சந்தை முழுக்கத் தெரியும். பத்து வருஷம் அவள் அங்கே செருப்புக் கடை போட்டிருந்தாள். ஊரில் பாதிப்பேரின் பாதம் அவளுக்கு மனப்பாடம். செருப்பு வேண்டும் என்று யாரும் நீட்டி முழக்கி எழுதமாட்டார்கள். கால் அளவு மட்டும் "37" என்று வரும், அவ்வளவுதான். அவளும் "கறுப்பா, காப்பி நிறமா?" என்று திருப்பி அனுப்புவாள். சில சமயம் கேட்கக்கூட மாட்டாள். இன்னாருக்கு இன்ன செருப்பு என்று தானாகவே யூகித்து எடுத்து வைத்துவிடுவாள். யூகம் தப்பினால் மாற்றிக்கொடுத்தால் போயிற்று, செருப்புதானே.

அப்புறம் கடையை நாத்தனாரிடம் விட்டுவிட்டுத் தாய்மார் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். மலை மேலிருக்கும் ஊர்களில் பிள்ளை பெறப்போகிறவர்கள் நாள் நெருங்கும்போது இறங்கி வந்து தங்கும் வீடு அது. பக்கத்துச் சுவரை ஒட்டியே சுகாதார நிலையம். படுக்கை விரிப்பது, குழம்புப் பானையை எட்டிப்பார்ப்பது, எல்லாவற்றுக்கும் மேலாகக் கைப்பேசிக்குப் பதில் சொல்வது அவள் வேலை. இல்லத்துக்கென்று தனி எண் வாங்க யாருக்கும் வக்கில்லை. நெரெய்தாவின் எண்ணையே சுவரில் பெரிதாக எழுதிவிட்டார்கள். அவளும் எண்ணை மாற்றமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். காரணம் ஊருக்கே தெரியும், வாய்விட்டுத்தான் சொல்வதில்லை. வடக்கே அமெரிக்காவுக்குப் போன அவள் புருஷனுக்குத் தெரிந்தது இந்த ஒரு எண்தான். அவனிடமிருந்து குரல் வந்து வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் மணி அடித்தால் இன்றைக்கும் அவள் நெஞ்சு ஒருமுறை துள்ளித்தான் அடங்கும்.

ஆகவே, ஒரே கைப்பேசியில் செருப்பும் வந்தது, பிள்ளைப்பேறும் வந்தது. இது என்றைக்காவது வம்பில் மாட்டிவிடும் என்று தலைமை நர்ஸ் ஓவிதியா சொல்லாத நாளில்லை.

அது அக்டோபர் மழை. மூன்று நாளாக வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. காலையில் நெரெய்தா அடுப்படியில் சோள ரொட்டி புரட்டிக்கொண்டிருந்தாள். கைப்பேசி அதிர்ந்தது. மாவுக் கையோடு எட்டிப்பார்த்தாள். தெரியாத எண்.

"38."

யோசிக்கவேயில்லை. பத்து வருஷப் பழக்கம் விரலில் ஊறியிருந்தது. "கறுப்பா, காப்பி நிறமா?" என்று தட்டி அனுப்பிவிட்டு ரொட்டியைத் திருப்பினாள். இரண்டு நீலக் குறிகள் விழுந்தன. படித்துவிட்டார்கள். பதில் வரவில்லை.

ரொட்டி கருகும் வாசம் வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. வெறும் எண்ணை அனுப்புவது பழகிய செருப்பு வாடிக்கைக்காரர்கள்தான்; தெரியாதவர்கள் முதலில் காலை வணக்கம் சொல்வார்கள். இந்த மலையில் கடன் வசூலிக்க வருகிறவன்கூடக் கடவுள் ஆசி சொல்லாமல் வாயைத் திறக்கமாட்டான். இதில் வணக்கமில்லை, பெயரில்லை. எவ்வளவு அவசரம் இருந்தால் ஒருவன் வெறும் எண்ணை மட்டும் அனுப்புவான்?

வேகவேகமாக எழுதினாள். "இது தாய்மார் இல்லம். மன்னிக்கணும். முப்பத்தெட்டுன்னா எதைச் சொல்றீங்க? காய்ச்சலா? மாசமா இருக்கற வாரமா? யாருக்கு, எங்கே?" இந்த முறை ஒரே ஒரு சாம்பல் குறி. போய்ச் சேரவில்லை. கூப்பிட்டுப் பார்த்தாள். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றது குரல். மறுபடி கூப்பிட்டாள். அதே குரல், அதே அலட்சியம். அந்தக் குரலை ஒரு அறை அறையலாம்போல இருந்தது.

ஓடிப்போய் ஓவிதியாவிடம் நீட்டினாள். நீட்டும்போது முதல் பதிலைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டாள்.

"முப்பத்தெட்டா? காய்ச்சல்தான்," என்றாள் ஓவிதியா. "லாஸ் மெஸித்தாஸ் ஊர்ல, போன வாரம் பெத்துட்டுப் போனாளே, தெல்மிரா. பிள்ளை பெத்த உடம்புல முப்பத்தெட்டு டிகிரி ஏறுச்சுன்னா சும்மா விடக்கூடாது. வண்டி எங்கே?"

கட்டிலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு பெண் குறுக்கிட்டாள். "வாரமாத்தான் இருக்கும். முப்பத்தெட்டு ஆனா கிளம்பி வான்னு என்கிட்டயும் நீங்கதானே சொன்னீங்க?"

"வாரம்னா நாளைக்குக்கூட வரலாம். காய்ச்சல்னா முடியாது," என்றாள் ஓவிதியா. "எது தப்பிப்போனா உசுருக்கு ஆபத்தோ அதைத்தான் முதல்ல பாக்கணும்."

நியாயம்தான். ஆனால் இல்லத்துக்கு இருந்தது ஒரே வண்டி. நகராட்சி கொடுத்த பழைய பிக்கப். லாஸ் மெஸித்தாஸ் ஆற்றுப் பக்கம், பள்ளத்தில். அங்கே போன பிறகு வேறு எங்கிருந்தாவது கூப்பிட்டால் திரும்பி வருவதற்குள் மதியமாகிவிடும். தப்பான செருப்பைக் கொடுத்தால் மாற்றிக்கொள்ளலாம். வண்டியைத் தப்பான பக்கம் அனுப்பினால்?

"ஒரு நிமிஷம் இரு ஓவிதியா. அங்கே தன்னார்வலர் நூர்ஜ்யா இருக்காளே, அவகிட்ட கேட்டுடறேன்."

மணி அடித்தது, அடித்தது, எடுக்கவில்லை. இரண்டாவது முறையும் எடுக்கவில்லை. முற்றத்தில் ஓவிதியா பையைத் தூக்கி வண்டியில் வைத்துவிட்டாள். ஓட்டுநர் தோன் எவெலியோ கேனிலிருந்து டீசல் ஊற்றிக்கொண்டிருந்தார். அங்கே மரியாதைக்கு ஆணைத் தோன் என்றும் பெண்ணைத் தோனியா என்றும் சொல்வார்கள். பல்லில் குச்சி, முகத்தில் மழை. எந்த அவசரத்திலும் அவசரப்படாத மனிதர், பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

மூன்றாவது முறை நூர்ஜ்யா எடுத்தாள்.

"தெல்மிராவா? இங்கேதான் என் பக்கத்துல உக்காந்து பீன்ஸ் தின்னுக்கிட்டிருக்கா. காய்ச்சலா? அவளுக்கா? மாமியாரோட காலையிலிருந்து மல்லுக்கட்டிக்கிட்டிருக்கா, அந்தத் தெம்புக்கு என்ன காய்ச்சல்?"

ஒரு பக்கம் நிம்மதி. மறுபக்கம் பயம் இன்னும் பெருத்தது. தெல்மிரா இல்லை என்றால் யார்? நெரெய்தா மழையிலேயே முற்றத்துக்கு ஓடினாள்.

"ஓவிதியா, அவ நல்லா இருக்கா! போகாதே!"

"அப்ப யாரு?"

"தெரியலையே! முப்பத்தெட்டு, முப்பத்தெட்டுன்னா என்னதான் எழவு!"

தோன் எவெலியோ கேனைக் கீழே வைத்தார். "முப்பத்தெட்டா? என்னைக் கேட்டா கல்லுதான்."

"என்ன கல்லு?"

"ரோட்டுக் கல்லு, தோனியா நெரெய்தா. மலைக்குப் போற ரோட்டுல கிலோமீட்டர் கல்லு இருக்கில்லே. மேலே இருக்கறவன் எவன் ஊர்ப் பேரைச் சொல்றான்? நாப்பத்தொண்ணுல இறங்கணும், முப்பத்தெட்டுல நிப்பேன்னுதான் சொல்வான். முப்பத்தெட்டுல பாத்ரொசீனியா கடை இருக்கு. சிக்னல் கிடைக்கிற ஒரே வளைவு அது."

நெரெய்தாவுக்கு இது தெரியாது. அந்த ஊரில் இத்தனை வருஷம் இருந்தும் பாலத்தைத் தாண்டி அவள் மேலே போனதேயில்லை. முதல் வளைவிலேயே வாந்தி எடுப்பாள். அதனால் எல்லாரும் இறங்கி வரும் சாலை அவளுக்கு ஏறாத சாலையாகவே இருந்துவிட்டது. சமதளத்துக்காரி என்று மலைக்காரர்கள் கேலி செய்வதெல்லாம் சும்மா இல்லை.

"தோன் எவெலியோ, காலை பஸ் வந்துச்சா?"

அவர் குச்சியை வாயிலிருந்து எடுத்தார். முதல்முறையாக அவர் முகம் மாறியது. "வரலை. சந்தையில மலைக்காரங்க ஒருத்தரையும் காணோமேன்னு நானும் நினைச்சேன்."

மூன்று பேரும் மலையைப் பார்த்தார்கள். மேகம்தான் தெரிந்தது.

"மண்ணு சரிஞ்சிருக்கும்," என்றார். "இறங்கி வந்தவங்க முப்பத்தெட்டுல மாட்டியிருப்பாங்க."

"இருப்பாங்களா, இருக்காங்களா?" என்று வெடித்தாள் ஓவிதியா. "நெரெ, போனு உன் கையில இருக்கு. நீ சொல்லு. மேலே போகட்டுமா? இல்லே, பதில் வர்ற வரைக்கும் நிக்கட்டுமா?"

நெரெய்தா கைப்பேசியைப் பார்த்தாள். இன்னமும் ஒரே சாம்பல் குறி. அதற்கு மேலே அந்த நீலக் குறிகள், கறுப்பா, காப்பி நிறமா.

"போ," என்றாள். "வேற யாராவது கூப்பிட்டா நான் எப்படியாவது சமாளிக்கிறேன். நீ போ."

வண்டி போன பிறகு அவள் செய்ததெல்லாம் பயப்படுவதுதான். சந்தைக்கு ஆள் அனுப்பி இன்னொரு வண்டி கிடைக்குமா என்று கேட்டாள். அந்த எண்ணை விடாமல் கூப்பிட்டாள். கருகிய ரொட்டியைத் தானே தின்றாள், தண்டனை மாதிரி. மேலே கல்லைத் தவிர ஒருவரும் இல்லையென்றால், இதற்குள் வேறெங்கோ ஒருத்தி காய்ச்சலில் கிடந்தால், அந்தப் பாவம் யாருடையது? புருஷன் கூப்பிடாத அத்தனை வருஷமும் அவள் இப்படிக் கைப்பேசியை வெறித்துப் பார்த்ததில்லை.

மதியம் தாண்டி மணி அடித்தது. ஓவிதியா. பின்னால் ஒரே கூச்சல், மழை, யாரோ சிரிக்கும் சத்தம்.

"கல்லுதாண்டி, நெரெ! மண்ணு சரிவுக்கு இந்தப் பக்கம் வண்டியை விட்டுட்டு முழங்கால் சேத்துல ஏறிப் போனேன். பாத்ரொசீனியா கடையில சோள மூட்டை மேலயே ஒருத்தி பெத்துட்டா. கொடி கழுத்தைச் சுத்தியிருந்துச்சு. நான் போகலேன்னா... சரி, பொண்ணு. நல்லா அழுவுது. துணித் தொட்டில் கட்டி ஆளுங்க தாயைத் தூக்கிட்டு வர்றாங்க. இரு, அவ புருஷன் உன்கிட்டப் பேசணுங்கிறான்."

ஒரு இளைஞனின் குரல். களைத்துப்போன குரல்.

"தோனியா, நான் இல்தெமாரோ. பேட்டரி ஒரு துளிதான் இருந்துச்சு. கல்லு எண்ணை முதல்ல போட்டுட்டு மிச்சத்தை எழுதலாம்னு பாத்தேன். அதுக்குள்ள உங்க பதில் வந்துச்சு. அதைப் படிச்சேன். படிச்சதும் அணைஞ்சுபோச்சு. பொண்டாட்டி வலியில துடிக்கிறா, நீங்க கறுப்பா காப்பியான்னு கேக்கறீங்க."

அங்கே ஓவிதியா அவன் பக்கத்திலேயே நிற்கிறாள், எல்லாம் கேட்டிருக்கும். மன்னிச்சுக்கோ தம்பி, மன்னிச்சுக்கோ என்று மட்டும் சொன்னாள் நெரெய்தா. அழுகையில் அது அவனுக்குக் கேட்டதோ என்னவோ.

அன்றைக்குப் பிறகு நெரெய்தா வெறும் எண்ணுக்குத் தட்டச்சில் பதில் போடுவதை நிறுத்தினாள். எண்ணைப் பார்த்தால் உடனே கூப்பிட்டுவிடுவாள். செருப்பு கேட்டவர்கள் அலறினார்கள். "ஐயோ, முப்பத்தாறு காலுதான் தோனியா, எனக்கு ஒண்ணுமில்லே" என்று சத்தியம் செய்தார்கள். ஓவிதியா ஒரு மாதம் வரை அவளைப் பார்க்கும்போதெல்லாம் கறுப்பா காப்பியா என்று கேட்டுக் குத்திக்கொண்டேயிருந்தாள். பிறகு அதுவும் ஓய்ந்தது. பயம் மட்டும் நெரெய்தாவை விட்டுப் போகவில்லை.

அடுத்த வருஷத்து மழையில் ஒரு காலை, கைப்பேசி அதிர்ந்தது. வணக்கமில்லை, பெயரில்லை.

"20."

எந்த எண்ணிலிருந்து வந்தது என்றுகூடப் பார்க்காமல் கூப்பிட்டாள். மூச்சு வாங்கியது. "யாருங்க? எங்கே இருக்கீங்க? இருபதுன்னா என்ன, கல்லா? யாருக்கு என்ன ஆச்சு?"

அந்தப் பக்கம் சிரிப்பு. "காலு அளவு, தோனியா. இல்தெமாரோ பேசறேன். எங்க பொண்ணு, அந்த முப்பத்தெட்டு, நடக்க ஆரம்பிச்சுட்டா. நேத்துலேருந்து வீடெல்லாம் சேறு."

அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள் நெரெய்தா. கண்ணீர் தாரை தாரையாகக் கொட்டியது. கூடவே கோபமும் வந்தது.

"அட பாவி! ஒரு காலை வணக்கம் சொல்லித் தொலைக்கக் கூடாதா? என் உசுரே போயிடுச்சு!"

"சொல்லியிருந்தா நீங்க கூப்பிட்டிருக்க மாட்டீங்களே."

அவள் அடுப்புத் துணியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். கைப்பேசியில் தெளிவாகக் கேட்டது, தொலைவில் ஒரு குழந்தை எதையோ தட்டித் தள்ளும் சத்தம்.

"சரி, சொல்லு," என்றாள். "கறுப்பா, காப்பி நிறமா?"