காத்திருந்த வேன்

நகரி வேணு திருப்பதியில் பக்தர்களுக்கு வேன் ஓட்டுகிறவர். எல்லோரும் ஏறியாச்சா என்று திரும்பிப் பார்க்காமல் வண்டியை எடுத்ததே இல்லை. அப்படிப்பட்ட மனுஷனிடம்தான் அன்று விடியலில் நாலு பேர் செம்மரக் கட்டைகளோடு ஏறி, கழுத்தில் கத்தியை வைத்தார்கள். அதற்குப் பிறகு எல்லாம் கனவு மாதிரிதான் என்கிறார். பனியில் சாலை மிதந்தது. மலையும் கூடவே நகர்ந்து வந்தது. வேறு யாருடைய கைகளோ ஸ்டியரிங்கைத் திருப்பின.

செக்போஸ்ட் வருவதற்கு முன்னால் அவர்கள் கட்டைகளை வண்டியிலேயே விட்டு இறங்கி, காட்டு வழியாகச் சுற்றிக்கொண்டு போனார்கள். பக்தர்கள் வேன்தானே என்று யாரும் சோதிக்கவில்லை; வேணு தனியாகச் செக்போஸ்ட்டைத் தாண்டினார். தாண்டியதும் ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்திக் காத்திருந்தார். ரோந்து வந்த போலீஸ் அங்கேதான் பிடித்தது.

கோர்ட் வராந்தாவில் அவருடைய வக்கீல் நளினிக்கு எரிச்சல் தாங்கவில்லை.

"அப்பவே கொன்னுடுவாங்கன்ற பயத்துல ஓட்டியிருந்தா சட்டம் மன்னிக்கும். கத்தி எறங்கிப் போனப்புறம் எப்டி மன்னிக்கும்? செக்போஸ்ட்ல போலீஸ் நின்னுக்கினு இருந்தாங்க, வாயத் தொறக்கல. சரி, அதத் தாண்டி எதுக்கு நின்னீங்க?"

வேணு மலைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"ஏறினவங்கள வழியில உட்டுட்டு எப்டி மேடம் போறது?"