விதானையாருக்குக் கொடுத்த குளிசை

அப்போது பண்டத்தரிப்பில் ஒரு டாக்குத்தரின் டிஸ்பென்சரியில் மருந்து எடுத்துக் கொடுப்பது என் வேலை. ஒருநாள், ஊர்த் தலைமை அதிகாரியாய் இருந்து ஓய்வுபெற்ற விதானையார் வயிற்று முறுக்கோடு வந்தார். டாக்குத்தர் எழுதிய குளிசை மாத்திரை சில வருத்தக்காரருக்கு ஆகாது; கொடுக்கமுன் வழக்கம்போல் கேட்டேன்.

“ஐயா, கண்ணிலை அழுத்த வருத்தம் இருக்கோ? சலம் போகக் கஷ்டமோ?”

பின்னால் வரிசையில் நின்ற பெண்களைப் பார்த்தவர் சீறினார். “என்ன கதை கதைக்கிறீர்? எனக்கு ஒரு குறையும் இல்லை.”

ஊரையே அடக்கி ஆண்டவருக்கு மூத்திரப்பை மட்டும் கீழ்ப்படியாமல் போகுமா? கொடுத்துவிட்டேன்.

மறுநாள் அடிவயிறு வீங்கி, மனைவியோடு வந்திறங்கினார்.

“உந்தக் குளிசை நஞ்சு! சலம் ஒரு சொட்டும் போகேல்லை!”

பாவம், குளிசை தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருந்தது. இறுகிப் பிடித்த குடல் தசையைத் தளர்த்தியது, முறுக்கு நின்றது. கூடவே மூத்திரப்பையின் தசையையும் தளர்த்தியது. மூத்திரப்பைக்குக் கீழிருக்கும் புரொஸ்டேட் சுரப்பி ஏற்கெனவே வீங்கி வழியை நெரித்திருக்க, சலத்தைத் தள்ள அந்தத் தளர்ந்த தசைக்குப் பலமில்லை.

“ரெண்டு வருசமாய் முக்கி முக்கித்தானே போறவர்,” என்றார் மனைவி, வரிசை முழுவதற்கும் கேட்க.

டாக்குத்தர் சலம் போகக் குழாய் விட்டார். பெண்கள் முன் ஒரு வார்த்தை சொல்லக் கூசியவர், அன்றும் வரிசையில் நின்ற பெண்களைத் தாண்டி, குழாயில் தொங்கிய சலப்பையைக் கையில் பிடித்தபடி வீடு போனார்.