வயிற்றுப் பிள்ளைக்கு நிறுத்திய பதினேழு பங்கு

மூவாரில் கோர்ட்டுக்கு எதிரே ஒரு கடைவீட்டு மாடியில் மேசை போட்டு, அரபியையும் மலாயையும் ஆங்கிலமாக்கிக் கொடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தேன். பெரும்பாலும் நிலப் பத்திரங்கள்தான் வரும். பத்திரம் யாரையும் பயமுறுத்தாது. எனக்கு ஆகாதது வாரிசு வழக்குத் தீர்க்கும் காதி எழுதும் பாகத் தாள். ஒருவர் மவுத்தான வீட்டில் யாருக்கு எத்தனை பங்கு என்று சொல்லும் அந்தத் தாளைக் கொண்டுவருகிறவர்கள் நம் முகத்தைப் பார்ப்பதில்லை, வாயைத்தான் பார்ப்பார்கள்.

அன்று வந்தவர் துணி வியாபாரி. அவருடைய அண்ணன் மவுத்தாகி மாதம் ஒன்று ஆகியிருந்தது. அண்ணனுக்குச் சிங்கப்பூரில் ஒரு கடைவீடு இருந்ததால் அங்குள்ள வக்கீல் ஆங்கிலத்தில் கேட்டிருந்தார். வாரிசு மூன்று பேர்: மனைவி, ஊரில் இருக்கும் பெற்ற உம்மா, இந்தத் தம்பி. நாலாவது ஆள் இன்னும் பிறக்கவில்லை. மனைவி பிள்ளைத்தாச்சி.

சொத்தை இருபத்துநாலாக வைத்து, எட்டில் ஒன்றென்று மனைவிக்கு மூன்றும், ஆறில் ஒன்றென்று உம்மாவுக்கு நான்கும் காதி எழுதியிருந்தார். மிச்சம் பதினேழுக்கு எதிரே 'மவ்கூஃப்' என்று ஒரு சொல்.

"அது வக்ஃபு தானே நானா? பள்ளிவாசலுக்கு எழுதி வச்சிட்டு, அதைப் பாத்துக்க என்னைய முத்தவல்லியாப் போட்டிருப்பாங்க" என்றார். ஓதுகிற காலத்தில் பாதியில் எழுந்து ஓடினவர் போல. அரபியில் இரண்டு சொல்லுக்கும் வேர் ஒன்றுதான், அதனால் அப்படித் தோன்றும்.

"வக்ஃபு இல்லைங்க. நிறுத்தி வச்சிருக்குன்னு அர்த்தம். வயித்துல இருக்கிற பிள்ளைக்காக. அது பிறக்கிற வரைக்கும் உங்களுக்கு ஒண்ணும் கிடையாது."

தாளை என் பக்கம் நகர்த்தினார். பிறகு நிதானமாகக் கேட்க ஆரம்பித்தார். ஆண் பிள்ளை என்றால்? பதினேழும் அதற்கே, உங்களுக்கு இல்லை என்றேன். பெண் என்றால்? மொத்தத்தில் பாதி, பன்னிரண்டு, அதற்கு; மிச்சம் ஐந்து உங்களுக்கு.

"உசிரில்லாமப் பிறந்தா?"

வாரிசுக் கணக்கில் எல்லாரும் கேட்கிற கேள்விதான். அப்போது பிள்ளையே இல்லாத கணக்கு, எல்லாருடைய பங்கும் கூடும். மனைவிக்கு ஆறு, உம்மாவுக்கு எட்டு, உங்களுக்குப் பத்து என்றேன். தலையை ஆட்டினார். எழுந்துவிடுவார் என்று பேனாவைத் தொட்டேன்.

"ஆணாப் பிறந்து, அழுது, அப்புறம் மவுத்தாப் போச்சுன்னா?"

தொட்ட பேனாவை விட்டேன். அதை யாரும் கேட்பதில்லை. அழுத பிள்ளை வாரிசாகிவிடும்; பதினேழும் அதனுடையது. அது போனால் அதில் மூன்றில் ஒன்று அதன் உம்மாவுக்கு, மூன்றில் இரண்டு வாப்பாவின் தம்பி, சாச்சாவான இவருக்கு. பதினொன்றுக்கும் மேலே வரும். செத்துப் பிறப்பதைவிடப் பிறந்து சாவதில் இவருக்கு லாபம். பதிலைச் சொல்வதற்குப் பதில் தாளை மடித்து அவர் பக்கம் தள்ளினேன். ஆனால் அவர் விரல்கள் மேசை விளிம்பில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தன. பாவி, எனக்கு முன்னாலேயே போட்டு முடித்துவிட்டார்.

"மதினியைக் கோத்தா திங்கிக்குக் கூட்டிட்டுப் போலாம்னு இருக்கேன். என் வீடு அங்கதான். பிரசவம் அங்கயே ஆகட்டும்."

"புருஷன் மவுத்தாகி இத்தாவுல இருக்கிற பொம்பளைய வீட்டை விட்டுக் கிளப்புறதாவது? பிள்ளை பிறக்கிற வரைக்கும் புருஷன் வீட்டுலதான் இருக்கணும். காதி சம்மதிக்க மாட்டார்."

"அவர்கிட்ட நீங்க சொல்லாட்டி என்ன?" என்று சிரித்தார்.

அவர் படியிறங்கியதும் நான் சட்டையை மாட்டிக்கொண்டு காதி வீட்டுக்கு நடந்தேன். மொழிபெயர்ப்பாளன் கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்பார்கள். போகட்டும், அந்த மரியாதை அன்றைக்கு வேண்டாம். காதி முழுவதையும் கேட்டுக்கொண்டார். அன்று மாலையே, பிரசவம் வரை அந்தப் பெண் மூவாரை விட்டு நகரக் கூடாது என்று ஆள் அனுப்பினார். மலாக்காவிலிருந்து அவளுடைய உம்மா வந்து கூடவே படுத்துக்கொண்டார்.

ஆண் பிள்ளை பிறந்தது. அழுதது என்று மருத்துவச்சி சாட்சி சொன்னாள். பதினேழும் பிள்ளைக்கே என்று காதி மறுபடி ஒரு தாள் எழுதினார். அதை ஆங்கிலமாக்கி எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். தம்பிக்காரர் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். பிள்ளைக்குப் பட்டுத் துணி, வெள்ளிக் கொலுசு, வாய் நிறையச் சிரிப்பு.

"அச்சு அசல் எங்க அண்ணன்தான். குடுங்க மதினி, கொஞ்சம் தூக்கிட்டுப் போயி காத்தாட ஆத்தங்கரைப் பக்கம் காட்டிட்டு வர்றேன்" என்று கைகளை நீட்டினார்.

அந்தப் பெண் திரைக்குப் பின்னால் நின்றிருந்தாள். என்னிடம் அவள் பேசினது அந்த ஒரு தடவைதான்.

"நானா, தாளைப் படிச்சது நீங்க. சாச்சாகிட்ட குடுக்கலாமா?"

"குடுக்காதீங்கம்மா" என்றேன்.

"நான் என்ன செஞ்சேன்?" என்றார் அவர். குரல் உடைந்திருந்தது. அது வலியா நடிப்பா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒரு கணக்குக் கேட்டதைத் தவிர அவர் எதுவும் செய்திருக்கவில்லை. நீட்டிய கைகள் அப்படியே இருந்தன. உள்ளே அவளுடைய உம்மா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.